வோல்ற்று ஓடாது

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் பத்தில் மின்னோட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருக்கும் பொடியன் ஒருவன் எழும்பினான். "சேர், யானை வேலில ஏழாயிரம் வோல்ற்று ஓடுதாம். அதில முட்டின யானையும் சாகல்ல, எங்கட மாடும் சாகல்ல. ஊட்டுக் கரண்ட் இருநூற்றி முப்பது வோல்ற்றுத்தான். அது ஆளைக் கொல்லுது. இது எப்படி?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நம் பக்கத்தில் யானைக்குப் பயந்து வீட்டுக் கரண்டையே வேலிக் கம்பிக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். "ஏழாயிரமே ஒன்றும் செய்யவில்லை, இருநூற்றி முப்பது என்ன செய்யும்" என்று ஒருவர் கணக்குப் போட்டால் அது உயிர்போகும் கணக்கு. பொடியனின் கேள்வியிலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. "வோல்ற்று ஓடுது" என்றான். நாமும் அப்படித்தான் சொல்கிறோம். வோல்ற்று ஓடாது. ஓடுவது அம்பியர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஐரோப்பாவின் பெரிய அறிஞர்களுக்கே இருபது முப்பது வருடம் பிடித்தது. கடைசியில் அதைச் சரியாக அளந்து காட்டியவர் நம்மைப்போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

முதலில் தண்ணீர். வீட்டுக்குப் பின்னால் தூணில் ஏற்றி வைத்த தண்ணீர்த் தாங்கியை நினையுங்கள். அதிலிருந்து குழாய் இறங்கிக் குசினிக்கு வருகிறது. பைப்பைப் பூட்டி வைத்திருக்கிறோம், ஒரு சொட்டும் ஓடவில்லை. ஆனாலும் பூட்டிய இடத்தில் தண்ணீர் தள்ளிக்கொண்டே நிற்கிறது. அந்தத் தள்ளலை முடிவுசெய்வது தாங்கியின் உயரம். தூணை இரண்டு மடங்கு உயர்த்தினால் தள்ளலும் இரண்டு மடங்காகும். வோல்ற்று அளப்பது இந்தத் தள்ளலைத்தான். சுவரில் உள்ள பிளக் பொயின்ற்றில் ஒன்றும் மாட்டாமல் இருக்கும்போதும் அங்கே 230 வோல்ற்று நிற்கிறது, ஓட்டம் மட்டும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உயரம் என்பது எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையில் உள்ள வித்தியாசம். அதனால்தான் பாடப்புத்தகத்தில் "அழுத்த வித்தியாசம்" என்று போட்டிருக்கிறார்கள். மின்கம்பியில் குந்தியிருக்கும் காகத்துக்கு ஒன்றும் ஆகாததும் இதனால்தான். அதன் இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன.

பைப்பைத் திறந்ததும் தண்ணீர் ஓடுகிறது. ஒரு வினாடிக்கு எத்தனை லீற்றர் என்று வாளி வைத்து அளக்கலாம். மின்சாரத்தில் அந்த அளவுதான் அம்பியர். ஒரு அம்பியர் என்றால் கம்பியின் ஒரு இடத்தை ஒரு வினாடியில் ஆறைத் தொடர்ந்து பதினெட்டுப் பூச்சியம் போட்ட தொகையை விடச் சற்றுக் கூடுதலான இலத்திரன்கள் கடக்கின்றன. அந்தத் தொகையை மனதில் வைத்திருக்கத் தேவையில்லை. "ஒரு வினாடிக்கு எவ்வளவு" என்பதை மட்டும் வைத்திருங்கள், பொடியனின் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

உயரமும் ஓட்டமும் வேறுவேறு என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. நமக்குத் தெற்கே இங்கினியாகலையில், கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தின் அடியில் ஒரு மின் நிலையம் இருக்கிறது. அணையின் உயரம் ஏறக்குறைய 140 அடி, அதனால் தண்ணீர் விழும் உயரம் குறைவு. வயலுக்குத் திறந்துவிடும் பெருந்தொகைத் தண்ணீரால்தான் அங்கே பொறி சுற்றுகிறது. மலைநாட்டில் 1950-இல் திறந்த பழைய லக்சபான நிலையத்தில் நேர்மாறு. அங்கே தண்ணீர் 400 மீற்றருக்கும் மேலான உயரத்திலிருந்து இரும்புக் குழாயில் இறங்குகிறது, அதனால் சிறிய ஓட்டமே போதும். டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918-இலேயே எழுத்தில் கேட்ட திட்டம் அது. நிறைவேற முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. உயரம் கூடி ஓட்டம் குறைந்தாலும், உயரம் குறைந்து ஓட்டம் கூடினாலும் வேலை நடக்கும். இரண்டையும் பெருக்கினால்தான் வலு. உயரத்தை மட்டும் சொன்னால் எவ்வளவு வேலை நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது வரலாற்றுக்கு வருவோம்.

1800-இல் இத்தாலியில் அலெசாண்ட்ரோ வோல்ட்டா முதல் மின்கல அடுக்கைச் செய்து காட்டினார். வெள்ளித் தகடு, நாகத் தகடு, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த மட்டை, இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கைக் கூட்டினால் கையில் அடிக்கும் அதிர்ச்சியும் கூடியது. ஆனால் கூடியது எது? தள்ளலா, ஓட்டமா? அந்தக் கேள்வியைக் கேட்கவே அன்றைக்குச் சொல் இல்லை. எல்லாவற்றுக்கும் "மின்சாரத்தின் பலம்" என்ற ஒரே பேர்தான். நாம் எல்லாவற்றையும் "கரண்ட்" என்று சொல்கிறோமே, அதுபோல.

1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டார். செய்தி பாரிசுக்கு வந்த சில கிழமைகளில் அந்திரே மரீ அம்பியர் முக்கியமான ஒன்றைச் சொல்லிவிட்டார். சுற்று திறந்திருக்கும்போது இழுவை தெரிகிறது, ஊசி அசைவதில்லை. சுற்றை மூடினால் ஊசி திரும்புகிறது. ஆகவே இவை இரண்டு வேறு காரியங்கள், ஒன்று இழுவை, மற்றது ஓட்டம். பைப்பைப் பூட்டியபோது நிற்கும் தள்ளலும் திறந்தபோது ஓடும் தண்ணீரும் என்று நான் மேலே சொன்னது இதைத்தான். ஓட்டத்தின் அலகுக்கு அவர் பேர் வந்தது பொருத்தமானது.

ஆனால் இவ்வளவு தள்ளினால் எவ்வளவு ஓடும் என்ற கணக்கு அம்பியரிடம் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் கெயோர்க் சைமன் ஓம். 1789-இல் ஜேர்மனியின் எர்லாங்கனில் பிறந்தவர். தகப்பன் பூட்டுச் செய்யும் தொழிலாளி, பிள்ளைகளுக்குத் தானே கணிதம் படிப்பித்தவர். ஓம் 1817 முதல் கொலோன் நகரத்துப் பாடசாலை ஒன்றில் கணிதமும் பௌதிகவியலும் படிப்பித்தார். அங்கே இருந்த ஆய்வுகூடத்தில்தான் பாட நேரம் போக மிச்ச நேரத்தில் வேலை செய்தார்.

முதல் முயற்சி பிழைத்தது. 1825-இல் அவர் வெளியிட்ட சூத்திரம் சரியில்லை. காரணம், அவர் பாவித்த வோல்ட்டா அடுக்கு ஓடத் தொடங்கியதும் தளர்ந்துவிடும். தாங்கியின் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்போது குழாயைச் சோதிப்பது போன்ற வேலை அது. குழாயால் ஓட்டம் குறைந்ததா, மட்டம் இறங்கியதால் குறைந்ததா என்று எப்படித் தெரியும்? பொக்கெண்டோர்ஃப் என்ற அறிஞர் அவருக்கு ஒரு யோசனை சொன்னார்: அடுக்கை விட்டுவிடு, சீபெக் கண்டுபிடித்த வெப்ப இணையைப் பாவி. பிஸ்மத் உலோகத் தண்டின் இரு முனையிலும் செம்பைப் பொருத்தி, ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால் சிறிய மின் தள்ளல் பிறக்கும். தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனி உருகும் வெப்பநிலையும் மாறாதவை, ஆகவே தள்ளலும் மாறாது. மட்டம் இறங்காத தாங்கி கிடைத்துவிட்டது.

அடுத்து ஒரே தடிப்பில் எட்டுச் செம்புக் கம்பிகளை வெட்டினார். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றையும் சுற்றில் மாட்டி, தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு முறுக்கப்படுகிறது என்று பார்த்தார். ஒரு முறை அளந்தபோது 2 அங்குலக் கம்பிக்கு ஏறக்குறைய 327 அளவு வந்தது, 130 அங்குலத்துக்கு 48½. இந்த இடத்தில்தான் ஆள் கெட்டிக்காரர். கம்பியின் நீளம் 65 மடங்கு கூடியிருக்கிறது, ஓட்டமோ ஏழு மடங்கு கூடக் குறையவில்லை. ஏன்? சோதிக்கும் கம்பி மட்டுமா வழியை மறிக்கிறது? பிஸ்மத் தண்டு, இணைப்புகள், மற்றக் கம்பிகள் எல்லாம் ஏற்கெனவே கொஞ்சம் மறிக்கின்றன. அந்த மறிப்பு 20¼ அங்குலக் கம்பிக்குச் சமம் என்று எடுத்தால் கணக்கு நேராகிறது. 2 உடன் 20¼ கூட்டினால் 22¼. 130 உடன் கூட்டினால் 150¼. இரண்டாவது முதலாவதைப் போல 6¾ மடங்கு. ஓட்டமும் அதே 6¾ மடங்குதான் குறைந்திருந்தது.

தள்ளலை மொத்த மறிப்பால் வகுத்தால் ஓட்டம். வோல்ற்றை ஓமால் வகுத்தால் அம்பியர். பிள்ளைகள் V = IR என்று எழுதுவது இதைத்தான். அந்த 20¼ ஐ மறக்காதீர்கள். மூலத்துக்குள்ளேயே ஒரு மறிப்பு உண்டு என்பது யானை வேலிக்கு வரும்போது தேவைப்படும்.

1827-இல் ஓம் இதைப் புத்தகமாகப் போட்டார். அவர் எடுத்துக்காட்டாக வைத்தது தண்ணீரை அல்ல, ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய வெப்பக் கணக்கை. சூடான இரும்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வெப்பம் போவதுபோல மின்சாரமும் போகிறது என்றார். ஊரில் வரவேற்பு இல்லை, சிலர் ஏளனமாகவும் எழுதினார்கள். ஓம் கொலோன் வேலையை விட்டு, பல வருடம் நல்ல பதவி இல்லாமல் இருந்தார். 1841-இல் லண்டன் றோயல் சொசைற்றி கொப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் சொந்த நாட்டிலும் மதிப்பு வந்தது. ஆசைப்பட்ட மியூனிக் பேராசிரியர் பதவி 1852-இல் கிடைத்தது, 1854-இல் காலமானார். வாத்தியார்மாரின் கதை எங்கும் ஒன்றுதான் போல.

அலகுகளுக்குப் பேர் வைத்தது தந்திக்காரர். கடலுக்கடியில் நூற்றுக்கணக்கான மைல் கம்பி போட்டவர்களுக்கு, எங்கே அறுந்தது, எவ்வளவு மறிக்கிறது என்று சொல்ல ஒரு பொது அளவு வேண்டியிருந்தது. 1861-இல் லற்றிமர் கிளார்க், சார்ள்ஸ் பிரைட் என்ற இரண்டு தந்திப் பொறியியலாளர்கள் அறிஞர்களின் பேரை வைக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களின் பட்டியலில் தள்ளலின் பேர் "ஓமா", தடையின் பேர் "வோல்ற்". தலைகீழ்! பிறகு மாறி, 1881-இல் பாரிசில் கூடிய மாநாட்டில் வோல்ற்று, அம்பியர், ஓம் இன்றைய இடங்களில் உட்கார்ந்தன. பரீட்சையில் மாற்றி எழுதும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், புள்ளி கிடைக்காது, ஆறுதலாவது கிடைக்கும்.

சரி, இதை வைத்து நமக்கு என்ன? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கிணற்று மோட்டர் இரண்டு தரம் எரிந்தது. "லைன்ல கரண்ட் பத்தாது தம்பி" என்றார் வீட்டுக்காரர். மீற்றரைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கிணற்றடிப் பிளக்கில் 228 வோல்ற்று. குறைவே இல்லை. பல்பும் பளிச்சென்று எரிந்தது. மோட்டரைப் போட்டதும் அது முனகியது, மீற்றர் 180-க்குக் கொஞ்சம் மேலே விழுந்தது.

வீட்டுக்கும் கிணற்றுக்கும் 50 மீற்றர். போட்டிருந்தது 1/1.13 வயர், லைற்றுக்குப் போடும் மெல்லிய வயர். போக 50, வர 50, மொத்தம் 100 மீற்றர். அந்த நீளத்துக்கு அதன் தடை ஏறக்குறைய 1.8 ஓம். எல்ஈடி பல்ப் இழுப்பது ஒரு அம்பியரில் இருபதில் ஒரு பங்கு, வயரில் இழப்பது ஒரு வோல்ற்றில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 6 அம்பியர் அளவு இழுக்கும். 6 ஐ 1.8 ஆல் பெருக்கினால் 11 வோல்ற்று இழப்பு, தாங்கும். ஆனால் நின்ற மோட்டர் புறப்படும் வினாடியில் 25 அம்பியர் வரை இழுக்கும். 25 ஐ 1.8 ஆல் பெருக்கினால் 45 வோல்ற்று வயரிலேயே போய்விடுகிறது, மோட்டருக்கு மிஞ்சுவது 183. மோட்டரின் சுழற்றும் பலம் வோல்ற்றின் வர்க்கத்தோடு குறையும், ஆகவே மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் இருக்கும். சுமையோடு புறப்பட அது போதாவிட்டால் மோட்டர் நின்ற இடத்தில் நின்றபடி 25 அம்பியரையும் இழுத்துச் சூடாகி எரியும்.

நீளமான மெல்லிய ஹோஸ் பைப்பின் நுனியை விரலால் அடைத்துப் பாருங்கள், தள்ளல் முழுதாகத் தெரியும். விரலை எடுங்கள், நூல்போல ஒழுகும். ஒன்றும் ஓடாதபோது பார்த்த 228 அந்த விரல் அடைப்பு. மோட்டர் புறப்படும்போது பார்ப்பதுதான் உண்மையான சோதனை. 7/0.67 வயர் மாற்றினோம். தடை முக்கால் ஓம் அளவாகக் குறைந்தது, புறப்படும் இழப்பும் 20 வோல்ற்றுக்குள் வந்தது. மூன்றாவது மோட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் உவமையை எல்லா இடத்துக்கும் இழுக்க வேண்டாம். வேகமாக ஓடும் குழாயில் தள்ளலை இரண்டு மடங்காக்கினால் ஓட்டம் இரண்டு மடங்காகாது, தண்ணீர் சுழித்துக் குழம்பும். செம்புக் கம்பியில் சூடேறாதவரை கணக்கு நேராகவே போகும். குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், வயரை வெட்டினால் மின்சாரம் வெளியே ஊற்றாது, நின்றுவிடும். வெட்டிய முனையில் தள்ளல் மட்டும் காத்துக்கொண்டு நிற்கும்.

இனிப் பொடியனின் கேள்வி. முறையாகச் செய்த யானை வேலியில் ஒரு பெட்டி இருக்கும், பற்றரியிலும் சூரியத் தகட்டிலும் ஓடும். அது ஆயிரக்கணக்கான வோல்ற்றுக்குத் தள்ளுவது உண்மை. யானையின் தோல் தடித்தது, காய்ந்தது, அந்தத் தடையைக் கடக்க அவ்வளவு தள்ளல் வேண்டும். ஆனால் பெட்டி தொடர்ந்து தள்ளுவதில்லை. ஏறக்குறைய ஒரு வினாடிக்கு ஒரு தரம், ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவான நேரம் தட்டிவிட்டு நிற்கிறது. தென்னை மர உயரத்திலிருந்து ஒரு சிரட்டைத் தண்ணீரை ஊற்றுவது போல. உச்சியில் சுள்ளென்று அடிக்கும், உயரம் பெரிது. ஆனால் வருவது ஒரு சிரட்டைதான், அடுத்த சிரட்டை வருமுன் விலகி ஓட நேரமும் இருக்கிறது. பெட்டிக்குள்ளும் ஓமின் அந்த 20¼ போல ஒரு மறிப்பு உண்டு. அதனால்தான் புல் வளர்ந்து கம்பியில் முட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகத் தொடங்கியதும் வேலியின் வோல்ற்று விழுந்துவிடுகிறது, யானை கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது. வேலிக்குக் கீழே புல் வெட்டச் சொல்வது அழகுக்காக அல்ல.

வீட்டுக் கரண்ட் உயரம் குறைந்த தாங்கிதான். ஆனால் அதன் பின்னால் இருப்பது நாட்டின் மின் வலையமைப்பு முழுவதும். அது வற்றாது. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் நிற்கும் மனித உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கலாம். 230 ஐ 1000 ஆல் வகுத்தால் 0.23 அம்பியர். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 0.03 அம்பியர் கசிந்தாலே விழும்படி செய்திருக்கிறார்கள், அதற்கு மேல் போனால் இதயம் தாளம் தப்பும் என்பதால். 0.23 அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல். அது தட்டிவிட்டு நிற்பதும் இல்லை. தசை இறுகி, கை கம்பியை விடாது. மழை பெய்த இரவில் வயல் வரம்பில் வருபவனுக்கு வேலி தெரியாது. அந்த 230-ஐ யார் வீட்டுப் பிள்ளை தொடும் என்று கம்பி கொடுத்தவருக்கும் தெரியாது.

இதெல்லாம் சொல்லி முடித்ததும் அவன் மறுபடி எழும்பினான். "அப்ப கொல்லுறது அம்பியர்தானே சேர். ட்ரான்ஸ்ஃபோமர் போட்டில ஏன் 'ஆபத்து, 33,000 வோல்ற்று' எண்டு எழுதியிருக்கு? அம்பியரை எழுதலாமே?"

நல்ல கேள்வி. அம்பியரை முன்கூட்டி எழுத முடியாது. எவ்வளவு ஓடும் என்பது தொடுபவரின் கை ஈரமா, காலில் செருப்பு இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. யாராவது தொடும்வரை அங்கே அம்பியர் இல்லை. நிற்பது வோல்ற்று மட்டும். ஆகவே அதைத்தான் எழுதி வைக்கிறார்கள்.